அப்பாவின் வார உணவுத் திட்டம்: சமையலறைக்கு

அம்மா, உணவியல் நிபுணர் இரண்டு சந்திப்புகளில் எழுதித் தந்த குறிப்புகளை நாள் வாரியாகப் பிரித்து இங்கே எழுதியிருக்கிறேன். இரண்டும் முரண்படும் இடங்களில் பிந்திய குறிப்பையே எடுத்துக்கொண்டேன். சென்ற மாத இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.8 வந்த பிறகு எழுதப்பட்டது அது என்பதால், முதல் குறிப்பில் அனுமதிக்கப்பட்டிருந்த கேழ்வரகும் கொய்யாவும் இதில் இல்லை.

அப்பாவின் எடை 54 கிலோ. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் டயாலிசிஸ் நடக்கிறது. நாளொன்றுக்குப் பொட்டாசியம் 2,000 மில்லிகிராமுக்குள்ளும், திரவம் எல்லாம் சேர்த்து 900 மில்லிக்குள்ளும், புரதம் 60 கிராம் அளவிலும் இருக்க வேண்டும். டயாலிசிஸில் புரதமும் ஓரளவு வெளியேறுவதால், பொட்டாசியத்துக்குப் பயந்து முட்டை வெள்ளைக்கருவையும் மீனையும் குறைத்துவிடக் கூடாது.

900 மில்லியில் காலை, மாலை காபிக்குப் பதிலான பால் கலந்த தேநீர் 200, மாத்திரைக்கு 150, தயிர் 100, குழம்பு 75, ரசம் 75 போக, வெறும் தண்ணீராக 300 மில்லிதான் மிஞ்சுகிறது. அந்த 300 மில்லியைக் காலையிலேயே தனிப் பாட்டிலில் அளந்து வைத்துவிடுங்கள். கஞ்சி, பாயசம், ஐஸ் எதைக் கொடுத்தாலும் அதே அளவு தண்ணீரை அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். உப்பு கூடினால் தாகமும் கூடும் என்பதால், அவருக்கான நாள் முழுவதற்குமான முக்கால் தேக்கரண்டி உப்பையும் ஒரு கிண்ணத்தில் பிரித்து வைப்பது நல்லது. ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பை வாங்கவே கூடாது, அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள்.

காய்களைத் தோல் சீவிச் சிறிதாக நறுக்கி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிதாக நிறையத் தண்ணீர் வைத்துத் திறந்த பாத்திரத்தில் வேக வைத்து வடிக்க வேண்டும். ஆவியில் வேக வைத்தால் பொட்டாசியம் காயிலேயே தங்கிவிடும். வடித்த நீரில்தான் சத்து இருக்கிறது என்று நீங்கள் அதைக் குழம்பில் சேர்ப்பது வழக்கம். அப்பாவுக்கு அந்தச் சத்துதான் ஆபத்து, தயவுசெய்து கொட்டிவிடுங்கள்.

திங்கள், புதன்: டயாலிசிஸுக்குப் புறப்படும் முன் மூன்று இட்லியும், தக்காளி சேர்க்காத வெங்காயச் சட்னி இரண்டு தேக்கரண்டியும், இரண்டு வெள்ளைக்கருவும். திரும்பியதும் வடித்த சோறு, புடலங்காய் அல்லது கோஸ் பொரியல், எண்ணெயில் லேசாக வாட்டிய மீன் 75 கிராம். இரவில் இரண்டு சப்பாத்தியும் இரண்டு வெள்ளைக்கருப் பொரியலும்.

வெள்ளி: காலை உணவு இட்லியும் சட்னியும்தான். வீட்டில் அன்று மீனும் முட்டையும் இல்லை என்பதால், மதியமும் இரவும் 50 கிராம் பனீர் வீதம் சேர்க்க வேண்டும். டயாலிசிஸ் அன்று எதையும் சாப்பிடலாம் என்று பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சொல்வதை அப்பா நம்புகிறார். குறிப்பில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

செவ்வாய், வியாழன்: காலையில் தோசை, இரண்டு வெள்ளைக்கரு. மதியம் சோற்றுடன் சுரைக்காய் அல்லது பீர்க்கங்காய்க் கூட்டு, அதில் பாசிப்பருப்பு 25 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தோலில்லாத கோழி 75 கிராம், குழம்பாக இல்லாமல் வறுவலாக. இரவில் இடியாப்பமும் இரண்டு வெள்ளைக்கருவும்.

சனி, ஞாயிறு: மிகுந்த கவனம் வேண்டியது இந்த இரண்டு நாள்களில்தான். வெள்ளி முற்பகல் முடிந்த டயாலிசிஸுக்குப் பின் திங்கள் காலை வரை பொட்டாசியமும் நீரும் உடலிலேயே சேருகின்றன, விருந்தினர் வருவதும் ஞாயிற்றுக்கிழமையில்தான். ஆகவே பருப்பு, தேங்காய்ச் சட்னி இரண்டையும் முழுவதுமாக விலக்கி, செவ்வாய்க்கிழமைத் திட்டத்தையே சௌசௌ அல்லது கோவைக்காய்ப் பொரியலோடு பின்பற்றுங்கள். குழம்புக்கான 75 மில்லியையும் இந்த நாள்களில் குறைத்துவிடுவோம். காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள், ஒரு கிலோ கூடியிருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

பழம் நாளுக்கு ஒரு முறை, அரை ஆப்பிள் அல்லது அன்னாசி ஒரு துண்டு. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, சப்போட்டா, முருங்கைக்கீரை, உருளை, மரவள்ளி எந்த நாளிலும் கிடையாது. ரசத்தைத் தக்காளி இல்லாமல் எலுமிச்சையும் மிளகும் கொண்டு வைக்கலாம். பாஸ்பேட் மாத்திரையைச் சாப்பாட்டின் நடுவில்தான் கொடுக்க வேண்டும், பிறகு கொடுத்தால் பயன் குறையும்.

கை கால் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், எனக்குப் போகும் வழியில் சொன்னால் போதும். அடுத்த இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இந்தத் தாளை நிபுணரிடம் காட்டி, மாற்ற வேண்டியதை மாற்றி எழுதித் தருகிறேன்.