எச்சரிக்கை: கைவிடப்பட்ட அழைப்பு 10.5%, வரம்பு 5% (காலை 10:00–12:00)

பெறுநர்: ஷிப்ட் மேலாளர், எல்லா டீம் லீடர்களும்

வந்த அழைப்புகள் 640, எடுத்தவை 548, கைவிடப்பட்டவை 92. இதில் 10 விநாடிக்குள் துண்டித்த 28-ஐக் கழித்துத்தான் விகிதம்: 64 ÷ 612 = 10.5%.

சராசரி கையாளும் நேரம் 6 நிமிடம் 50 விநாடி, வழக்கம் 5:20. பேச்சு 4:15-லிருந்து 4:35, ஹோல்டு 0:25-லிருந்து 0:45 ஆகியிருக்கிறது. பெரிய ஏற்றம் அழைப்புக்குப் பிந்தைய பதிவில்தான்: 0:40-லிருந்து 1:30. புகார்ப் படிவம் 9:40 முதல் மெதுவாகச் சேமிக்கிறது; ஐ.டி. பிரிவுக்குச் சொல்லியாயிற்று.

மணிக்கு 320 அழைப்பு × 410 விநாடி ÷ 3600 = 36.4. அதாவது 37 பேராவது இடைவிடாமல் பேச வேண்டும். லாகின் செய்திருப்பதோ 34. பழைய 320 விநாடியில் 28.4 போதும். ஆள் குறையவில்லை, நேரம்தான் நீண்டுவிட்டது. துண்டித்தவர்கள் திரும்ப அழைப்பதும் 640-க்குள் சேர்ந்திருக்கும்.

உடனே செய்ய வேண்டியவை:
- மின்னஞ்சல் பிரிவிலிருந்து 6 பேர் 12:10-க்குள் குரல் வரிசைக்கு.
- 12:00, 12:15 இடைவேளைகள் 13:00-க்குப் பின்.
- 90 விநாடி காத்திருப்பவருக்குத் திரும்ப அழைக்கும் வசதி.
- படிவம் சீராகும்வரை புகார் எண், வகை மட்டும் பதிவு, விவரம் பிறகு.

பதிவு நேரத்துக்குக் கட்டாய வரம்பு போட வேண்டாம். போட்டால் ஹோல்டில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். எண் இடம் மாறும், அவ்வளவே.

அடுத்த நிலவரம் 12:30. தொடர்ந்து இரண்டு 15 நிமிடப் பகுதிகள் 5%-க்குக் கீழ் வந்தால் எச்சரிக்கை நீங்கும்.

— நேரலைக் கண்காணிப்பு மேசை