ஒன்றரை மாத ஊசி

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய அந்தக் குப்பம் மாநகராட்சியோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், அங்கே வருகிற செவிலியரை எல்லோரும் இன்றுவரை கிராம நர்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். கஸ்தூரிக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார்கள், எந்தக் குழந்தைக்கு எந்த வாரம் ஊசி என்று மனத்தில் வைத்திருப்பவரை வேறு எப்படி அழைப்பது?

புதன்கிழமை காலையில் அங்கன்வாடித் திண்ணையில் நீலநிற மருந்துப் பெட்டியை இறக்கி வைத்ததுமே, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த தேவியை அவர் கவனித்துவிட்டார். நாற்பத்தேழு நாள் குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடி அணைத்தபடி நின்ற அந்தப் பெண், பின்னால் வந்த நான்கு பேரையும் "நீங்கள் போங்கள்" என்று முன்னே அனுப்பினாள். பிள்ளைகள் அழும்போதெல்லாம் அவள் பார்வை தெருப்பக்கம் போய் வந்தது.

கடைசிக் குழந்தையும் போன பிறகு, "தேவி, வந்து உட்காரம்மா. ஊசியைப் பற்றி அப்புறம் பார்ப்போம், முதலில் எடை பார்க்கலாம்" என்றார் கஸ்தூரி. பிறந்தபோது இரண்டு கிலோ எழுநூறு கிராம் இருந்த பாப்பா இப்போது மூன்று கிலோ தொள்ளாயிரம் இருந்தாள். அந்த எண்ணைத் தாய் சேய் நல அட்டையில் எழுதிக் காட்டியபோதுதான் தேவியின் முகம் சற்றே இளகியது.

"நர்ஸம்மா, ஆஸ்பத்திரியில் பிறந்த அன்றே போட்ட ஊசி கெட்டுவிட்டது போலிருக்கிறது" என்று குழந்தையின் இடது தோளைத் திறந்து காட்டினாள். பட்டாணி அளவுக்குச் சிவந்த கொப்புளம் ஒன்று, நுனியில் லேசாகச் சீழ் கட்டியிருந்தது. "மாமியார் மஞ்சள் பூசச் சொன்னார்கள். நான்தான் வேண்டாமென்று விட்டேன்."

"நல்ல வேலை செய்தாய். அது காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி. அது வேலை செய்கிறது என்பதற்குத்தான் இந்தக் கொப்புளம். தானே உடைந்து ஆறும், எதையும் பூசவேண்டாம், அழுத்தவும் வேண்டாம். உன் இடது கையைக் கொஞ்சம் பார்."

தேவி ஜாக்கெட் கையை மேலே தள்ளினாள். அங்கே சிறிய வட்டத் தழும்பு ஒன்று பளபளத்தது. கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தன் உடம்பில் இருந்த அந்தத் தழும்பை அவள் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. விரலால் அதைத் தடவிக்கொண்டே சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

பிறகு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே நாளில் மூன்று ஊசியும் இரண்டு சொட்டு மருந்தும் இந்தச் சின்ன உடம்பு தாங்குமா என்று கேட்டாள். தரையில் தவழும் முன்பே, நாம் கொஞ்சும்போதும் பால் குடிக்கும்போதும் குழந்தையின் உடம்பு அன்றாடம் எத்தனையோ கிருமிகளைச் சந்தித்துக்கொண்டேதான் இருக்கிறது என்றும், அதோடு ஒப்பிட்டால் இந்த மருந்துகள் தருகிற வேலை மிகக் குறைவு என்றும் கஸ்தூரி விளக்கினார். பென்டா என்கிற ஒரே ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, மஞ்சள்காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்குகிற ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் பாதுகாப்பு இருப்பதால், ஐந்து முறை குத்தவேண்டிய இடத்தில் ஒருமுறை போதும் என்றார்.

"தாய்ப்பால் கொடுக்கிறேனே, அது போதாதா?"

"தாய்ப்பால் பெரிய பலம், அதை விடவே கூடாது. ஆனால் கக்குவான் இருமலைத் தடுக்க அது மட்டும் போதாது. மூச்சு விடாமல் இருமி இருமி முகம் நீலம் பாரித்த ஒரு மூன்று மாதக் குழந்தையை வேலைக்கு வந்த புதிதில் பார்த்திருக்கிறேன். பெரியவர்களை அந்த இருமல் களைப்பாக்கும், இந்த வயதுக் குழந்தையை மூச்சடைக்க வைத்துவிடும். அதனால்தான் ஒன்றரை மாதத்திலேயே தொடங்கி, இரண்டரை, மூன்றரை மாதங்களில் மறுபடி போடுகிறோம். ஒருமுறையில் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது."

நேற்று மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லையே, மருந்து கெட்டிருக்காதா என்பது அடுத்த கேள்வி. இப்படிக் கேட்கிற தாயைக் கஸ்தூரிக்கு மிகவும் பிடிக்கும். குழந்தையைப் பற்றி அக்கறை இல்லாதவள் இதைக் கேட்க மாட்டாள். பெட்டியைத் திறந்து, ஐஸ் பேக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன்மேல் ஊதாநிற வட்டமும், வட்டத்துக்குள் வெளுத்த சதுரமும் இருந்தன.

"இந்தச் சதுரத்தைப் பார். வெப்பம் படப் படக் கறுத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தை நான் தொடமாட்டேன். நீயே சொல், இது எப்படி இருக்கிறது?"

"வெளுப்பாகத்தான் இருக்கிறது" என்றாள் தேவி, புட்டியைக் கண்ணருகே கொண்டுபோய்.

ஆனாலும் அவள் குழந்தையை மடியிலிருந்து கொடுக்கவில்லை. கஸ்தூரி அவசரப்படுத்தவில்லை. பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, "இன்னும் ஏதோ இருக்கிறது, அதையும் சொல்லிவிடம்மா" என்று மட்டும் கேட்டார்.

அக்காவின் குழந்தைக்கு இந்த ஊசி போட்ட இரவு காய்ச்சல் கொதித்தது, மாமா கடலுக்குப் போயிருந்தார், காய்ச்சல் வரும் என்று அக்காவிடம் யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை, விடிய விடிய அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவளைப் பார்த்து, நல்லாயிருந்த பிள்ளையைக் கெடுத்துவிட்டாயே என்று வீட்டில் ஏசினார்கள். இன்று இரவு தேவியின் கணவரும் பைபர் படகில் போகிறார். சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்தது.

இதுவரை கேட்டவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது இதுதான் என்று கஸ்தூரிக்குப் புரிந்தது. அக்காவுக்கு யாரும் சொல்லாததை அவர் நிதானமாகச் சொன்னார். இன்று மாலையோ இரவோ காய்ச்சல் வரலாம், தொடையில் வீக்கமும் வலியும் இருக்கலாம், பெரும்பாலும் இரண்டு நாளில் தணிந்துவிடும். வீக்கத்தைத் தேய்க்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். பால் அடிக்கடி கொடுக்கவேண்டும், துணியை அடுக்கிப் போர்த்தக்கூடாது. பாராசிட்டமால் துளிமருந்தை எடைக்கேற்ற அளவில் துளிக்குழாயில் உறிஞ்சிக் காட்டி, குழாயில் அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தார். வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டாலோ, காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிட்டுப் பிறகு தனக்குச் சொல்லவேண்டும் என்றார்.

"காய்ச்சல் மட்டும் என்றால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய். போகிற வழியில் உன் மாமியாரிடமும் நானே பேசிவிட்டுப் போகிறேன்."

தேவி குழந்தையின் கால்களை விடுவித்தாள்.

ரோட்டா வைரஸ் மருந்தும் போலியோ சொட்டும் நாக்கில் விழுந்தன. வலது மேல்கையில் தோலுக்குள் போலியோவுக்கான ஒரு சிறு ஊசி, வலது தொடையில் நிமோனியா ஊசி, இடது தொடையில் பென்டா. பாப்பா வீறிட்டாள். மார்பில் போட்டுக்கொண்டதும் விம்மலோடு குடிக்கத் தொடங்கினாள். அரை மணி நேரம் அவர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இரவு பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"உடம்பு சுடுகிறது, நர்ஸம்மா. கோடு போட்ட அளவு கொடுத்துவிட்டேன். பால் குடிக்கிறாள். மாமியாரும் பக்கத்தில் இருக்கிறார்கள்."

"சரியாகச் செய்திருக்கிறாய், தேவி."

அதற்கு மேல் சொல்ல இருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் தேவி போனை வைக்கவில்லை. கடலிரைச்சலுக்கு நடுவே குழந்தை பால் உறிஞ்சும் சத்தம் சன்னமாகக் கேட்டது. கஸ்தூரி விளக்கைப் போடாமல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அது சீராகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.