கோ-ஒர்க்கிங் பணியிட உறுப்பினர் ஒப்பந்தம் – கே.கே. நகர், மதுரை – மேசை எண் 17

2025 ஜூலை 28ஆம் நாள் மதுரையில் 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். கே.கே. நகரில் வணிகக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் 24 மேசைகளோடு பொதுப் பணியிடம் நடத்துபவர் ஒரு தரப்பு; இனி 'நாங்கள்'. 17ஆம் எண் மேசையை எடுத்துக்கொள்பவர் மறு தரப்பு, இனி 'நீங்கள்'. இருவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல் ஆகியவை உறுப்பினர் பதிவேட்டின் 42ஆம் வரிசையில் உள்ளன. அந்தப் பக்கமும் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததே.

1. இது வாடகை ஒப்பந்தம் அல்ல

மேசையைப் பயன்படுத்த அனுமதி மட்டுமே தருகிறோம். 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்லும் உரிமம் இது. இடத்தின் கைவசம் எங்களிடமே இருக்கும்; குத்தகை உரிமையோ வாடகைதாரர் உரிமையோ உங்களுக்கு வராது. மேசையை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடவோ, உங்கள் நுழைவு அட்டையில் நண்பரை அனுப்பவோ கூடாது. அலுவலகத்தில் உங்களோடு வேலை செய்பவருக்கு மேசையை மாற்றித் தர வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள். அவருடைய அடையாள அட்டை நகல் வந்ததும் பதிவேட்டில் பெயரை மாற்றிக்கொள்வோம். அதற்குக் கட்டணம் இல்லை.

காலம் 2025 ஆகஸ்ட் 1 முதல் 2026 ஜூன் 30 வரை, 11 மாதம். முதல் மூன்று மாதம் கட்டாயக் காலம்.

2. கட்டணம்

மாதம் 6,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,080 ரூபாய், மொத்தம் 7,080. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் வங்கி வழியாகவோ யு.பி.ஐ. வழியாகவோ செலுத்த வேண்டும். ரொக்கம் வாங்குவதில்லை. ரசீதில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் வர வேண்டுமானால் முதல் மாதமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் நிறுவனமாக இருந்து வரியைப் பிடித்தம் செய்து செலுத்தினால், பிடித்த தொகைக்கான சான்றிதழைக் காலாண்டு முடிந்ததும் தர வேண்டும். அது வராதவரை அந்தத் தொகை எங்கள் கணக்கில் பாக்கியாகவே நிற்கும்.

3. முன்பணம்

இரண்டு மாதக் கட்டணம், 12,000 ரூபாய். இதற்கு வட்டி இல்லை. திருப்பித் தர வேண்டிய பணம் என்பதால் வாங்கும்போது ஜி.எஸ்.டி. சேர்ப்பதில்லை; நிலுவைக் கட்டணத்துக்காகக் கழிக்கும்போது மட்டும் அந்தத் தொகைக்கு வரி வரும்.

முன்பணத்தை மாதக் கட்டணமாக ஈடுகட்டச் சொல்லிக் கேட்கக் கூடாது. கடைசி இரண்டு மாதத்தை 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால், போகும்போது சேதம் இருந்தால் ஈடுகட்ட எதுவும் கையில் இருக்காது. தகராறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கழிக்கக்கூடியவை: செலுத்தாத கட்டணம், தொலைந்த நுழைவு அட்டைக்கு 300 ரூபாயும் வரியும், தொலைந்த லாக்கர் சாவிக்குப் பூட்டு மாற்றும் செலவு, அச்சுப் பக்கங்களின் பாக்கி, மேசை, நாற்காலி, சுவருக்கு நீங்கள் செய்த சேதத்தைச் சரிசெய்த உண்மையான செலவு. சேதத்துக்குக் கழித்தால் வேலை செய்தவரின் பில்லைக் காட்டுவோம். பில் இல்லாமல் மதிப்பிட்டுக் கழிக்க மாட்டோம். நாற்காலிச் சக்கரத் தேய்வு, மேசை விளிம்பில் நிறம் மங்குவது போன்ற சாதாரணத் தேய்மானம் எங்கள் பொறுப்பு. சேர்ந்த முதல் நாளே மேசை, நாற்காலி, லாக்கர், பிளக் பாயிண்ட் நான்கையும் இருவரும் சேர்ந்து புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வோம். பிறகு வரும் எந்தக் கேள்விக்கும் அந்தப் படங்களே சாட்சி.

மேசையைக் காலி செய்து, அட்டையும் சாவியும் ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் மீதத்தை, நீங்கள் எந்தக் கணக்கிலிருந்து செலுத்தினீர்களோ அதே கணக்குக்கு அனுப்புவோம். தாமதமானால் ஒவ்வொரு வாரத்துக்கும் 100 ரூபாய் சேர்த்துத் தருவோம்.

4. முன்னறிவிப்பு

கட்டாயக் காலம் முடிந்தபின் எந்த நாளும் 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். மின்னஞ்சலில் அல்லது வரவேற்பு மேசையில் எழுத்தாகத் தர வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதோ, வாட்ஸ்அப் குழுவில் 'அடுத்த மாசம் கிளம்பறேன்' என்று போட்டதோ முன்னறிவிப்பு ஆகாது. கிடைத்த மறுநாள் முதல் நாள் எண்ணப்படும். கட்டாயக் காலத்துக்குள் விலகினால் அக்டோபர் 31 வரையான கட்டணம் முழுதும் உண்டு.

ஒரு கணக்கு பார்ப்போம். 2026 ஜனவரி 10 அன்று கடிதம் தருகிறீர்கள். ஜனவரி 11 முதல் 21 நாள், பிப்ரவரியில் 9 நாள். பிப்ரவரி 9 கடைசி நாள். ஜனவரிக் கட்டணம் முழுதும் செலுத்தியாயிற்று. பிப்ரவரிக்கு 6,000 ரூபாயில் 28இல் 9 பங்கு, அதாவது 1,929, வரி 347, மொத்தம் 2,276. அட்டை தொலைந்துவிட்டது, வரியோடு 354. அச்சுப் பாக்கி 120. முன்பணம் 12,000இல் இந்த 2,750 போக 9,250 ரூபாய் உங்களுக்கு வரும்.

நாங்கள் முடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் 60 நாள் முன்னறிவிப்பு தருவோம். கட்டட உரிமையாளரோடு எங்கள் குத்தகை முடிவது போன்ற காரணங்களுக்கு இது பொருந்தும். வேறு இடம் தேட உங்களுக்கு எங்களைவிட அதிக நேரம் வேண்டும், அதனால்தான் இரட்டிப்பு. உங்கள் தவறு எதுவும் இல்லாமல் அதற்கு முன்பே இடத்தை மூட நேர்ந்தால், மிச்ச நாள்களின் கட்டணமும் முழு முன்பணமும் ஏழு நாளில் திரும்பும்; வசதியுரிமைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு தரும் இழப்பீட்டு உரிமையும் உங்களுக்கு அப்படியே இருக்கும்.

5. பதிவு முகவரி

இந்த முகவரியை ஜி.எஸ்.டி. பதிவுக்கோ நிறுவனத்தின் பதிவு அலுவலகமாகவோ பயன்படுத்த எங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். அப்படிப் பயன்படுத்தியவர், விலகும் முன்னறிவிப்போடு மாற்றும் வேலையையும் தொடங்கிவிட வேண்டும். ஜி.எஸ்.டி.யில் முகவரி மாற்றத்தை `GST REG-14` படிவத்தில் 15 நாளுக்குள் பதிய வேண்டும். நிறுவனத்துக்கு `INC-22` படிவம், 30 நாள். ஆள் போனபின்னும் முகவரி எங்கள் பெயரிலேயே நின்றால் அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது 'அப்படி யாரும் இங்கில்லை' என்று எழுதிக்கொடுக்க வேண்டி வரும். உங்கள் பதிவே ரத்தாகும் நிலை உண்டு. விண்ணப்ப ரசீதைக் காட்டும்வரை முன்பணத்தில் 3,000 ரூபாயை நிறுத்திவைப்போம், காட்டிய அன்றே விடுவிப்போம்.

6. பொது வசதிகள்

மின்சாரம். ஒவ்வொரு மேசைக்கும் 5 ஆம்பியர் பிளக் இரண்டு. மடிக்கணினி, மானிட்டர், போன் சார்ஜர் போதும். மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, இண்டக்ஷன் அடுப்பு எதையும் மேசையில் செருகக் கூடாது. 1,500 வாட் கெட்டில் ஒன்றே ஆறரை ஆம்பியர் இழுக்கும். உங்கள் வரிசை மேசைகளுக்கு 10 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்றுதான், அது விழுந்தால் எட்டுப் பேரின் வேலை நிற்கும். மின்தடையின்போது இன்வெர்ட்டர் விளக்கு, மின்விசிறி, மேசை பிளக், வைஃபை மட்டும் சுமார் 3 மணி நேரம் தாங்கும். ஏசி ஓடாது. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்தால் முந்தைய நாளே தெரிவிப்போம். சித்திரை, வைகாசி வெயிலில் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லது.

இணையம். இரண்டு நிறுவனங்களின் இணைப்பு, ஒன்று விழுந்தால் மற்றது தானே ஏற்கும். வேலை நாளில் காலை 9 முதல் மாலை 6க்குள் இரண்டும் தொடர்ந்து 4 மணி நேரம் நின்றால் ஒரு நாள் கட்டணத்தை அடுத்த மாதத்தில் கழித்துக்கொள்ளலாம். இணைப்புப் பதிவுகளை 180 நாள் வைத்திருப்போம். காவல்துறை சட்டப்படி கேட்டால் கொடுப்போம். டோரண்ட் கூடாது, தனி ரவுட்டர் செருகக் கூடாது. ஒரு ரவுட்டர் தவறாகச் செருகப்பட்டால் மாடி முழுக்கத் தவறான ஐ.பி. முகவரி போய், காரணம் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும்.

கூட்ட அறை, போன் அறை. கூட்ட அறை மாதம் 6 மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 200 ரூபாயும் வரியும். பதிந்து 15 நிமிடத்துக்குள் வராவிட்டால் அடுத்தவருக்கு. போன் அறையில் ஒரே மூச்சில் 30 நிமிடம். மேசையில் ஸ்பீக்கரில் பேசக் கூடாது.

சாப்பாடு. சாப்பாட்டு அறையில் மட்டும். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. கறி தோசை வாசம் மாலை வரை போகாது. சைவமோ அசைவமோ, விதி இரண்டுக்கும் ஒன்றே. பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் மேசைக்கு வேண்டாம்: சிந்தினால் எறும்பு, எறும்பு வந்தால் கீபோர்டு. ஃபிரிட்ஜில் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். வெள்ளி மாலை எல்லாம் அகற்றப்படும்.

அச்சு மாதம் 50 பக்கம் இலவசம், மேற்பட்டால் பக்கம் 3 ரூபாய் வரி உட்பட. ஏசி 25 டிகிரி. இருசக்கர வண்டி ஒன்றுக்கு இடம் உண்டு, காருக்கு இல்லை. இரவு 9க்குப் பின் கீழ்க்கதவு பூட்டியிருக்கும், காவலாளியிடம் அட்டையைக் காட்ட வேண்டும்.

பொங்கலுக்கு மூன்று நாளும், அழகர் ஆற்றில் இறங்கும் நாளும் ஊழியர் இருக்க மாட்டார்கள். அட்டை வேலை செய்யும். ஆனால் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்து திருப்பிவிடப்படும் என்பதை மனதில் கொள்ளுங்கள்.

7. விதி மீறலும் உறுப்பினர் நீக்கமும்

கட்டணம் 5ஆம் தேதிக்குள் வராவிட்டால் 10ஆம் தேதி நினைவூட்டல். 15ஆம் தேதி அட்டை முடக்கப்படும். மாதக் கடைசி வரை வராவிட்டால் உறுப்பினர் உரிமை முடிகிறது, பாக்கி முன்பணத்தில் கழியும். தாமதத்துக்குத் தனி அபராதம் இல்லை.

சத்தம், சாப்பாடு, பிளக், அறைப் பதிவு, அட்டை மாற்றித் தருவது போன்ற மீறல்களுக்கு முதலில் எழுத்து எச்சரிக்கை. என்ன நடந்தது, எந்த நாள், எந்த நேரம் என்று அதில் இருக்கும். உங்கள் பதிலுக்கு 48 மணி நேரம். 90 நாளுக்குள் மூன்றாவது எச்சரிக்கை வந்தால் 7 நாள் முன்னறிவிப்போடு நீக்கம். 90 நாள் கடந்த எச்சரிக்கை கணக்கில் வராது.

திருட்டு, அடிதடி, மிரட்டல், பாலியல் தொல்லை, மற்றவர் திரையையோ ஆளையோ மறைவாகப் படம் எடுப்பது, குடித்துவிட்டு வருவது, மின்பெட்டியைத் திறப்பது, இணையத்தைக் குற்றத்துக்குப் பயன்படுத்துவது: இவற்றில் அட்டை உடனே முடக்கப்படும். இருந்தாலும் உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவு செய்ய மாட்டோம். 48 மணி நேரத்துக்குள் பதில் தரலாம், நீங்கள் கேட்டால் கேமரா பதிவை எங்கள் முன்னிலையில் பார்க்கலாம். பாலியல் தொல்லைப் புகாரில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிய குழுவிடம் போகும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. சமரசம் செய்துகொள்ளச் சொல்லி நாங்கள் யாரையும் வற்புறுத்த மாட்டோம்.

மீறலால் நீக்கப்பட்டால் அந்த மாதக் கட்டணம் திரும்பாது. முன்பணம் அப்படியல்ல. நீக்கப்பட்டவர் என்பதற்காக முழு முன்பணத்தையும் எடுத்துக்கொள்வது நியாயமல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. 3ஆம் பத்தியில் சொன்னவற்றை மட்டும் கழித்து மீதத்தைத் தருவோம்.

8. பொருள்கள்

விலகினாலும் நீக்கப்பட்டாலும் உங்கள் பொருள்களை எடுத்துச்செல்ல நியாயமான நேரம் உண்டு. அட்டை முடங்கியவர் ஊழியர் முன்னிலையில் எடுக்கலாம். எடுக்காமல் விட்டவற்றை இரண்டு சாட்சிகள் முன் பட்டியலிட்டு, படம் எடுத்து, 30 நாள் பூட்டி வைப்போம். பாக்கி இருக்கிறது என்பதற்காக மடிக்கணினியையோ கோப்பையோ பிடித்துவைக்க மாட்டோம். லாக்கரில் பணம், நகை வைக்காதீர்கள். அவற்றுக்கு நாங்கள் பொறுப்பேற்க இயலாது.

9. தகராறு

முதலில் எழுத்தில் தெரிவித்து, 15 நாளுக்குள் நேரில் பேசித் தீர்க்க முயல வேண்டும். தீராவிட்டால் மதுரை நீதிமன்றங்களுக்கே அதிகாரம். இந்த விதிகளில் எதையும் மாற்ற 30 நாள் முன்பே எழுத்தில் தெரிவிப்போம். கட்டணத்தை 2026 ஜூன் 30க்கு முன் உயர்த்த மாட்டோம்.

இரண்டு பிரதிகளிலும் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் படித்துக் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். 17ஆம் மேசையின் அட்டை ஒன்றும் லாக்கர் சாவி ஒன்றும் இன்று ஒப்படைக்கப்பட்டன.