பொருள்: ஆறு வாரத்துக்கு என் வேலைப்பளுவைக் குறைப்பது பற்றி

வணக்கம் மேடம்,

நேரில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் உங்கள் அறைக்கு வந்தால் வேறு நாலு விஷயத்தைப் பேசிவிட்டு இதைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன், அதனால் எழுதிவிடுகிறேன். இப்போது என் கையில் இருக்கும் வேலையை இதே அளவில் என்னால் தொடர முடியவில்லை. மன அழுத்தம் உடம்பு வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த ஆறு வாரத்துக்கு என் வேலையில் சிலவற்றைக் குறைத்துத் தர முடியுமா என்று கேட்கத்தான் இந்த மெயில்.

வென்டர் பில்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் போன பிறகு, ஆள் எடுக்கும் வரைக்கும் என்று அந்த வேலை என்னிடம் வந்தது. நானும் சரி என்றுதான் சொன்னேன், அப்போது அது சமாளிக்கக் கூடியதாகத்தான் இருந்தது. அப்புறம் புதிய சாஃப்ட்வேர் வந்தது. பழையதிலும் புதியதிலும் ஒரே என்ட்ரியை இரண்டு தடவை போட்டு, இரண்டு ட்ரையல் பேலன்ஸும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் எந்த லெட்ஜரில் இடிக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் மாதக் கடைசி க்ளோசிங் வந்து நிற்கிறது. பேங்க் ரீகன்சிலேஷனுக்கு உட்காரும்போது மணி ஏழு ஆகிவிடுகிறது. இதற்கு நடுவில் பணம் எப்போது வரும் என்று வென்டர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை, கோபப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு போனுக்குப் பிறகும் விட்ட இடத்தைப் பிடிக்கவே நேரம் போகிறது.

கொஞ்ச நாளாகத் தூக்கம் சரியில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, அந்த பேமென்ட்டை ஹோல்டில் போட்டோமா இல்லையா என்று லேப்டாப்பைத் திறந்து பார்க்கிறேன். போட்டுத்தான் இருக்கிறது. அப்படியும் காலையில் வந்ததும் மறுபடி பார்க்கிறேன். டாக்டரிடம் போனேன், வேலையின் அளவையும் நேரத்தையும் குறைக்கச் சொன்னார். சான்றிதழ் தேவைப்பட்டால் வாங்கித் தருகிறேன்.

நான் கேட்பது மூன்று விஷயம். வென்டர் போன்களையும் பேமென்ட் நிலவரம் கேட்டு வரும் மெயில்களையும் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், இது ஒன்று நடந்தாலே பாதி பாரம் இறங்கிவிடும். புதிய சாஃப்ட்வேர் சரிபார்ப்பை க்ளோசிங் நடக்கும் வாரத்தில் மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு, க்ளோசிங் முடிந்ததும் தொடரலாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அவசரம் என்றால் ஒழிய என்னைக் கூப்பிட வேண்டாம் என்று டீமுக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும், நான் சொன்னால் அது வேறு மாதிரி போய்ச் சேரும்.

இன்னொன்று, இது என் உடம்பு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. இப்போது பில்லை என்ட்ரி போடுவதும் நான், அதே பில்லுக்குப் பேமென்ட் தயார் செய்வதும் நான். ஆடிட்டர் வந்தால் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்பது நம் பிரிவில் முன்பு இருந்த முறைதானே, ஆள் குறைந்ததால் அது தானாகவே நழுவிவிட்டது. மேலிடத்தில் ஆள் கேட்கும்போது இந்தக் காரணத்தை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், என் உடம்பை இழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

க்ளோசிங்கும் ரீகன்சிலேஷனும் என்னிடமே இருக்கட்டும், அதை நான் முழுசாகப் பார்த்துக்கொள்கிறேன். போன்களை எடுத்துக்கொள்பவருக்குத் தேவையான நிலுவைப் பட்டியலை, எந்த வென்டரிடம் என்ன சொல்லியிருக்கிறோம் என்ற குறிப்போடு, நானே தயார் செய்து தருகிறேன். இரண்டு நாள் கூடவே உட்கார்ந்து காட்டியும் கொடுப்பேன். யாரிடம் கொடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், யார் மேல் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். லீவு எடுத்துக்கொள் என்று நீங்கள் சொல்லக்கூடும், அதையும் யோசித்தேன். லீவில் போனால் வேலை அப்படியே குவிந்து காத்திருக்கும், திரும்பி வந்து அதே இடத்தில்தான் நிற்பேன்.

மூன்றும் ஒரே நேரத்தில் முடியாது என்றால் போன் விஷயத்தை மட்டுமாவது இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள், மற்ற இரண்டையும் பேசி முடிவு செய்யலாம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மேல் எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை, அரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வந்து பேசுகிறேன். டாக்டரிடம் போனது, தூக்கம் இல்லாதது இதெல்லாம் நமக்குள்ளேயே இருக்கட்டும் மேடம். டீமில் வேலையை மாற்றிக் கொடுக்கிறோம் என்று மட்டும் சொன்னால் போதும்.

நன்றி.