சுழலும் வானம்: ஐந்து இரவுப் படங்களுக்கான பிராம்ப்ட்கள்

ஐந்து படங்களும் ஒரே கண்காட்சிச் சுவரில் பக்கம் பக்கமாகத் தொங்கப்போகின்றன. அதனால் முதலில் வரும் பொதுப் பகுதியை ஒவ்வொரு பிராம்ப்டின் தலையிலும் அப்படியே சேர்க்கவும். இது மாறினால் ஐந்து படங்களும் ஐந்து வானங்களாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் பொது

இரவு வானின் நீண்ட எக்ஸ்போஷர் புகைப்படம். டிரைபாடில் அசையாமல் நின்ற கேமரா, 16 மி.மீ. அகலக்கோண லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 800. 30 விநாடிப் படங்களை இடைவெளி விடாமல் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்தது. நட்சத்திரங்கள் எல்லாம் மெல்லிய, அறுபடாத கோடுகள். ஒன்றுகூடப் புள்ளியாக நிற்கக் கூடாது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஆகவே ஒரே படத்தில் எல்லா வளைவுகளும் ஒரே கோண அளவு. சுழல் மையத்துக்கு அருகில் இருப்பவை குட்டை, விலகியவை நீளம். முன்னணியில் இருப்பது முழு நிழலுரு: உட்புற விவரமோ பரப்பின் சொரசொரப்போ தெரியாத கருமை, கூர்மையான விளிம்பு. அதன்மேல் எந்தப் பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விழவில்லை. ஒயிட் பேலன்ஸ் 3600 கெல்வின். உச்சியில் ஆழ்ந்த கருநீலம், தொடுவானை நெருங்க நெருங்க வெளிறிய எஃகு நீலம். நீலம் ஊதாவாகத் திரியக் கூடாது. குளிர்ந்த நிறம் என்பதற்காக எல்லாக் கோடுகளையும் நீலமாக்கிவிட வேண்டாம். ஆரஞ்சு நட்சத்திரங்கள் ஆரஞ்சுக் கோடுகளாகவே இருக்கட்டும். அந்தச் சில கோடுகள் இருந்தால்தான் மற்றதன் குளிர்ச்சி கண்ணுக்குப் படும்.

தவிர்க்க: நிலா, பால்வீதிப் பட்டை, துருவ ஒளி, விமான விளக்குகளின் புள்ளிக்கோடு, செயற்கைக்கோள் தடம், நகரத்தின் மஞ்சள் ஒளிமூட்டம், சுருள்வட்டம், விளக்கு, நெருப்பு, எழுத்து. சுருள்வட்டத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நட்சத்திரத் தடம் வட்டத்தின் ஒரு பகுதி. அது நீர்ச்சுழிபோல உள்நோக்கி இறங்குவதே இல்லை.

1. பட்டமரமும் துருவ நட்சத்திரமும்

வடக்கு நோக்கிய பார்வை, கிடைமட்டச் சட்டகம், 3:2. 240 படங்கள், மொத்தம் 2 மணி நேரம், ஒவ்வொரு வளைவும் 30 பாகை. சட்டகத்தின் இடப்புற மூன்றில் ஒரு பங்கில் இலையுதிர்ந்த தனிமரம், தாழ்ந்த மேட்டின்மேல். அடிமரம் சற்று வலப்புறம் சாய்ந்திருக்கிறது. இரண்டாய்ப் பிரியும் கவட்டைக்கு மேலே, வலப்பக்கம் தள்ளி, சுழல் மையம். துருவ நட்சத்திரம் சரியாக மையத்தில் இல்லை; ஒரு பாகைக்கும் குறைவாக விலகியிருப்பதால் அதுவும் ஒரு குட்டியான, தடித்த வளைவாகத் தெரிகிறது. அதைப் புள்ளியாக வரைந்துவிட்டால் படம் பொய்யாகிவிடும். கிளைகள் நுனிவரை மெலிந்து ஊசிபோல முடிகின்றன. நுனிக்கிளைகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளிலும் நட்சத்திரக் கோடுகள் தொடர்கின்றன: ஒரு கிளையின் பின்னே மறைந்த கோடு, அதே வளைவில் மறுபுறம் வெளிவருகிறது. காற்றில்லாத இரவு, கிளைகளில் அசைவின் மங்கல் இல்லை. மேட்டின் விளிம்பில் நாலைந்து புல்தாள்கள் மட்டும், ஒவ்வொன்றும் தனித்தனியாக.

2. அணைந்த கலங்கரை விளக்கம்

தெற்கு அரைக்கோளத்தின் வானம், தெற்கு நோக்கிய பார்வை, செங்குத்துச் சட்டகம், 2:3. ஒன்றரை மணி நேரம், 180 படங்கள். கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தின் நிழலுரு கீழ்நடுவில், உயரத்தில் சட்டகத்தின் பாதியைத் தொடுகிறது. விளக்கு எரியவில்லை, எரிந்தால் வானம் வெளுத்துப் போகும், கோடுகள் தொலையும். கோபுரத்தின் தலைக்கு மேலே சுழல் மையம். அங்கே பிரகாசமான நட்சத்திரம் ஏதும் இல்லை. தெற்குத் துருவத்துக்கு வடக்கைப்போல ஒரு காவல் நட்சத்திரம் கிடையாது. வெறுமையான ஒரு கருநீல வட்டம், அதைச் சுற்றி மிக மங்கலான குட்டை வளைவுகள், வெளியே போகப் போகப் பிரகாசம் கூடுகிறது. அந்த வெறுமையை நிரப்ப வேண்டாம். கோபுரத்தின் மேல்மாடக் கைப்பிடிக் கம்பிகள் ஒவ்வொன்றும் வானத்தின்முன் தெரிய வேண்டும்.

3. பாறை முகட்டில் எழும் மிருகவேடன்

வட அரைக்கோளம், கிழக்கு நோக்கிய பார்வை, அகன்ற சட்டகம், 16:9. 1 மணி நேரம், 120 படங்கள், 15 பாகை. கீழே பல்வரிசை போன்ற பாறை முகடு, உயரத்தில் சட்டகத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகவில்லை. இந்தப் படத்தில் வட்டமே கிடையாது. நடுவில் கோடுகள் ஏறக்குறைய நேராக, இடமிருந்து வலமாகச் சாய்ந்து மேலேறுகின்றன. இடப்பக்கக் கோடுகள் இடப்புறமாகவும் வலப்பக்கக் கோடுகள் வலப்புறமாகவும் வளைந்து விலகுகின்றன. பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் வான நடுவரை படத்தின் ஊடே செல்வதால் வரும் விளைவு இது. இரண்டு பக்கமும் ஒரே திசையில் வளைந்தால் பிழை. நடுவில், ஓரியன் எனப்படும் மிருகவேடன் விண்மீன் கூட்டத்தின் இடைக்கச்சை: மூன்று பிரகாசமான நீலவெண் கோடுகள், நெருக்கமாக, இணையாக. அவற்றின் இடப்பக்கம் திருவாதிரை, ஆழ்ந்த ஆரஞ்சுக் கோடு. வலப்பக்கம் ரைகல், பனிக்கட்டியின் நீலவெண்மை. படம் முழுவதிலும் வெதுவெதுப்பான நிறம் திருவாதிரையின் கோட்டில் மட்டும் ஓங்கித் தெரியட்டும். பாறை விளிம்புக்குச் சற்று மேலே கோடுகள் கொஞ்சம் மங்குகின்றன. தாழ்வான வானத்தில் காற்றடுக்கு தடிமன்.

4. ஏரிக்கரைப் படகு

வடக்கு நோக்கிய பார்வை, கிடைமட்டச் சட்டகம், 3:2. 1 மணி நேரம். கரையில் இழுத்து ஏற்றப்பட்ட சிறு மரப்படகு, மூக்கு வலப்பக்கம் உயர்ந்து. தண்ணீரில் மிதக்கும் படகு வேண்டாம். ஒரு மணி நேரத்தில் அது அலைந்து அலைந்து கருமேகமாகக் கரைந்திருக்கும். நீர்ப்பரப்பு கண்ணாடித் தகடு. அதில் கோடுகளின் பிரதிபலிப்பு, மேலே இருப்பதைவிடப் பாதிக்கும் குறைவான ஒளியுடன், மங்கலான நட்சத்திரங்கள் மறைந்து பிரகாசமானவை மட்டும்.

5. பார்த்துக்கொண்டிருப்பவர்

வடக்கு நோக்கிய பார்வை, செங்குத்துச் சட்டகம், 2:3. 40 படங்கள், 20 நிமிடம், 5 பாகை வளைவுகள் மட்டும். கோடுகள் வால்நட்சத்திரம்போல: வால் மங்கலாகத் தொடங்கி, தலை பிரகாசமாக முடிகிறது, எல்லாத் தலைகளும் துருவத்தை எதிர்-கடிகாரத் திசையில் சுற்றிச் செல்கின்றன. சட்டகத்தின் அடியில், உயரத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லாத மனித நிழலுரு. பாறையில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். நின்றவரால் இருபது நிமிடம் ஆடாமல் இருக்க முடியாது. முழங்கால்கள் மடிந்திருக்கின்றன, இரு கைகளும் அவற்றைச் சுற்றிக் கோத்திருக்கின்றன. முகம் பக்கவாட்டில், சற்றே அண்ணாந்து: நெற்றி, மூக்கு, மோவாய் மூன்றும் வானத்தின்முன் தெளிவான ஒரே கோடாக விழ வேண்டும். ஆணா பெண்ணா, எந்த வயது என்பது தெரிய வேண்டாம். கையில் போன் இல்லை, தலையில் விளக்கு இல்லை. பக்கத்தில் பாறைமேல் வைத்த ஒரு குடுவை, அதன் மூடி திறந்திருக்கிறது.