முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரி: மூணு வாரத் திட்டம்

தம்பி, இதைப் பிரிண்ட் எடுத்து முகப்பில் நீ படிக்கிற இடத்துப் பக்கம் ஒட்டிவை. இதே வாரம்தான் மூன்று தடவை சுற்றும். முதல் வாரம் நோட்டைப் பார்த்து எழுதலாம், இரண்டாவதில் பார்க்காமல், மூன்றாவதில் பழைய கேள்வித்தாள் மட்டும். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை கணக்கு, காலேஜ் பஸ் விட்டு வந்தபிறகு தியரி.

திங்கள்: அணு அமைப்பு. சாயங்காலம் காரைக்குடியில் சந்தைக் கூட்டம், பஸ் தாமதமாகத்தான் வரும், அதனால் இன்றைக்குக் கொஞ்சம்தான். λ = h/mv கணக்கு ஐந்து போடு, அப்புறம் Cr, Cu இரண்டுக்கும் ஏன் 4s¹ என்று காரணத்தோடு எழுது.

செவ்வாய்: பீரியாடிக் டேபிள். ஸ்லேட்டர் விதியை மனப்பாடம் செய்வதைவிட ஜிங்கின் 4s எலக்ட்ரானுக்குப் போட்டுப் பார். 0.35 + 18 × 0.85 + 10 × 1 = 25.65, முப்பதில் கழித்தால் 4.35. இது வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதே கதைதான்.

புதன், வியாழன்: பிணைப்பு. இரண்டு நாள் கொடுத்ததற்குக் காரணம், நீ பயப்படுவதே இதில்தான். புதன் ஹைப்ரிடைசேஷன்: NH₃ 107°, H₂O 104.5°, தனி ஜோடி எலக்ட்ரான் எப்படித் தள்ளுகிறது என்று படத்தோடு எழுது, XeF₄ ஏன் தட்டையான சதுரம் என்பதையும் சேர்த்துக்கொள். வியாழன் எம்.ஓ. படம்: O₂-க்கு (10 − 6)/2 = 2, ஜோடி சேராத எலக்ட்ரான் இரண்டு, அதனால் பாராமேக்னெட்டிக். உடனே O₂⁺ 2.5, O₂⁻ 1.5 என்று நீயே போட்டுப் பார்த்துவிட்டால் எந்தப் பிணைப்பு நீளம் என்று கேட்டாலும் தடுமாற மாட்டாய். படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும், வெள்ளைத் தாளில் வரைந்தால்தான் தெரியும்.

வெள்ளி: ஆர்கானிக். இண்டக்டிவ் எஃபெக்ட், ரெசொனன்ஸ், மார்க்கோவ்னிகாவ். பெராக்சைடு எஃபெக்ட் HBr-க்கு மட்டும்தான், HCl-க்கும் HI-க்கும் கிடையாது.

சனி: பிராக்டிக்கல் ரெக்கார்டு. KMnO₄ – ஆக்ஸாலிக் அமில டைட்ரேஷனில் 60–70 டிகிரி சூடு எதற்கு, HCl ஏன் கூடாது (பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்ஸிஜனேற்றிவிடும், பியூரெட் அளவு கூடிப்போகும்), பழுப்பு வீழ்படிவு வந்தால் என்ன அர்த்தம் (அமிலம் போதவில்லை, இல்லை சூடு ஆறிவிட்டது). வைவாவில் கேட்பது இதுதான்.

ஞாயிறு: காலை பத்திலிருந்து ஒன்று வரை முழுத்தாள், போன் உன் ஆத்தா கையில். அப்புறம் சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் நீயே திருத்து, விட்டுப்போன கேள்விகளை அந்தந்தக் கிழமைக்கு எதிரே பென்சிலில் குறித்துவை, அடுத்த சுற்றில் அந்த நாளை அங்கிருந்து ஆரம்பி.

ஆயா வீட்டு விசேஷம் இரண்டாவது புதன் வருகிறது. போய்விட்டு வா, அன்றைய பாடத்தை வெள்ளியோடு சேர்த்துக்கொள், ஆர்கானிக் அரை நாளில் முடியும். மூன்றாவது ஞாயிறு மட்டும் தாள் எழுத வேண்டாம், மறுநாள் பரீட்சை: பென்சில் குறிப்புகளைப் பார், ஹால் டிக்கெட்டையும் கால்குலேட்டரையும் எடுத்துவை, பத்து மணிக்குப் படு.