மூன்றாம் இயல் திருத்தம்: நெறியாளருக்கு விளக்கக் கடிதம்

சென்னை
12.11.2024

மதிப்பிற்குரிய நெறியாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ‘உத்திரமேரூர்ச் சபையும் ஏரி வாரியமும்’ என்னும் மூன்றாம் இயலைப் புறத்தேர்வாளர்கள் இருவரின் அறிக்கைகளுக்கு ஏற்பத் திருத்தி இத்துடன் இணைத்துள்ளேன். முன்பு 46 பக்கமாக இருந்த இயல் இப்போது 52 பக்கமாகியுள்ளது. மாற்றிய இடங்கள் ஓரக்கோட்டால் குறிக்கப்பட்டுள்ளன. என்ன மாற்றினேன், எதை ஏன் மாற்றாமல் விட்டேன் என்பதைத் தாங்கள் இயலைப் படிக்கும் முன் தெரிவிப்பது நலம் என்று கருதி இதை எழுதுகிறேன்.

முதல் தேர்வாளர் சுட்டிய பிழைகளுள் என்னை மிகவும் வருத்தியது நிலத்தகுதி பற்றியது. வாரியத்துக்கு உரியவர் வைத்திருக்க வேண்டிய இறைநிலத்தின் அளவைக் கல்வெட்டு கூறும் இடத்தில், நான் அதைக் ‘காணி நிலம்’ என்று பொருள் கொண்டிருந்தேன். அது ‘கால் நிலம்’, அதாவது கால் வேலி. ஒரு வேதமும் நான்கு பாஷ்யங்களுள் ஒன்றும் வல்லவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று அடுத்து வரும் விலக்கும் இப்பொருளையே உறுதிசெய்கிறது. காணி என்பது எண்பதில் ஒரு பங்கு ஆதலால், என் பிழை தகுதியின் அளவை இருபது மடங்கு குறைத்துவிட்டது. அதன் மேல் கட்டிய ‘சிறு நிலக்காரருக்கும் இடமிருந்தது’ என்ற முடிவை முழுவதுமாக நீக்கிவிட்டேன். அந்த முடிவு எனக்குப் பிடித்திருந்ததே நான் சொல்லை மறுபடி சோதிக்காமல் விட்டதற்குக் காரணம் என்பதையும் தங்களிடம் சொல்லிவிடுகிறேன். மற்ற நில அளவுச் சொற்களையும் கல்வெட்டுப் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வேறு பிழை தென்படவில்லை. கால் வேலியை ஏக்கரில் தரும்படி தேர்வாளர் கேட்டிருந்தார். அளவுகோல்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டதால் அவ்வாறு தரவில்லை. காரணத்தை அடிக்குறிப்பில் எழுதியுள்ளேன்.

இரண்டாவது, முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டையும் (919) 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டையும் (921) ஒரே ஏற்பாடாகக் கலந்து எழுதியிருந்தேன். இப்போது அவை தனித்தனிப் பகுதிகளில் உள்ளன. முன்னதில் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்த வயது வரம்பு பின்னதில் 35க்கு மேல் 70க்குள் என்று மாறியது. தேர்வு முறை இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது என்றால் முதல் ஏற்பாட்டில் குறை கண்டிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஆனால் அதைக் கருத்தாகவே நிறுத்தி, சான்றாக முன்வைக்கவில்லை. முன்னதற்குத் தத்தனூர் மூவேந்தவேளானும் பின்னதற்குச் சோமாசிப்பெருமானும் அரசாணையின்படி உடனிருந்ததை விரிவாக எழுதியுள்ளேன். ‘முற்றிலும் தன்னாட்சி பெற்ற சபை’ என்ற தொடரை நான் கைவிட்டதற்கும் அதுவே காரணம்.

ஏரி வாரியத்தைப் பற்றிய பகுதிதான் இயலின் உயிர் என்பதால் அதற்கே அதிக நாள் செலவிட்டேன். 14ஆம் ஆண்டுக் கல்வெட்டு, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழி தேர்ந்த முப்பது பேரைச் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் எனப் பிரிக்கிறது. ஆனால் அந்த அறுவர் அன்றாடம் என்ன செய்தனர் என்று அது விளக்குவதில்லை. நான் ‘மதகு திறத்தல், நீர் முறை வைத்தல்’ என்றெல்லாம் எழுதியிருந்தேன். தேர்வாளர் கேட்ட ‘இதற்குச் சான்று எங்கே’ என்ற ஒரு வரிக்கு என்னிடம் விடையில்லை. ஆகவே அவற்றை நீக்கி, ஏரியைத் தூர்வாரப் பொன்னும் நிலமும் கொடுத்த பிற கல்வெட்டுச் செய்திகளை மட்டும் வைத்து எழுதியுள்ளேன். பகுதி சுருங்கினாலும் இனி ஒவ்வொரு வரிக்கும் என்னால் பொறுப்பேற்க முடியும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்தில் இடம்பெறத் தடை இருந்ததை முன்பு ஒரு வரியில் கடந்திருந்தேன். அது இப்போது தனிப் பத்தியாகியுள்ளது.

இரண்டாம் தேர்வாளரின் ஒரு கருத்தை மட்டும் ஏற்கவில்லை. தமிழ்நாடு அரசு 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்தை ஏரி வாரியத்தின் தொடர்ச்சியாக இறுதியில் காட்டலாம் என்று அவர் எழுதியுள்ளார். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். அதன் சபை வேதக் கல்வியைத் தகுதியாகக் கொண்டது. வேளாண் ஊர்களில் இருந்த ‘ஊர்’ என்னும் அவைக்கே அதைப் பொருத்த இயலாத நிலையில், ஆயிரம் ஆண்டு தாண்டி இன்றைய திட்டத்தோடு இணைப்பது தகாது. இதை மரியாதையோடு இரண்டு பத்திகளில் (பக்கம் 49-50) எழுதியுள்ளேன். சொல்லில் கடுமை இருந்தால் திருத்தித் தாருங்கள்; நிலைப்பாட்டை மாற்ற வேண்டும் என்று தாங்கள் எண்ணினால் நேரில் வந்து பேச விரும்புகிறேன்.

எழுத்துப்பிழைகள், மேற்கோள் வடிவம், வரைபடத்தின் அளவு குறித்த சிறு குறிப்புகள் அனைத்தும் சரிசெய்யப்பட்டன.

பல்கலைக்கழக அலுவலகத்தில் திருத்திய படியை இம்மாதம் 29ஆம் நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். தாங்கள் 22ஆம் நாளுக்குள் நிலத்தகுதிப் பகுதியையும் (பக்கம் 17-23) மேற்சொன்ன இரண்டு பத்திகளையுமாவது பார்த்துத் தந்தால், மீதமுள்ள நாள்களில் தங்கள் திருத்தங்களைச் சேர்த்துக் கையொப்பத்துக்குக் கொண்டு வருவேன்.

தங்கள் மாணவி,
மலர்விழி

இணைப்பு: திருத்திய மூன்றாம் இயல் (52 பக்கம்), தேர்வாளர் அறிக்கைகளின் படிகள் இரண்டு.